நஷ்டம் ஒரு ரூபாய்கூட இல்லை... வழக்கு நிற்குமா?

வாசகர் கேள்விகளில் இந்த முறை ஒரு கடிதம் கொஞ்சம் வித்தியாசமாக வந்திருந்தது. டெல்டா பகுதியிலிருந்து எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

‘எனக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. சம்பா அறுத்து, வயல் தரிசாகக் கிடந்தது. எனக்கு மேற்கே இருக்கிற நிலத்துக்காரர் அங்கே கட்டடம் கட்டுகிறார். ஜல்லி, மணல் ஏற்றிய டிப்பர் லாரியை என் வயல் வழியாக விட அனுமதி கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்கு வேறு வழி இருக்கிறது, கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான். நான் ஒரு நாள் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, வரப்பை மிதித்து லாரியை ஓட்டிவிட்டார். கேட்டதற்கு, “என்னண்ணே, பயிரா இருந்துச்சு? என்ன நஷ்டம்னு சொல்லுங்க, குடுத்துடறேன்” என்கிறார். ஸ்டேஷனில் “சிவில் மேட்டர்” என்று அனுப்பிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்களும் “போனால் போகட்டும்” என்கிறார்கள். நஷ்டம் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் மனசு ஆறவில்லை. இதற்காகக் கோர்ட்டுக்குப் போனால் சிரிக்க மாட்டார்களா?’

சிரிக்க மாட்டார்கள். இதே கேள்வியை வேறொரு நாட்டு விவசாயத் தம்பதி கோர்ட்டில் வைத்து, அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்திருக்கிறார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் சட்டம் படிக்கிற மாணவர்கள் சொத்துரிமைப் பாடத்தில் படிக்கிற வழக்கு அது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நம் ஊர் சட்டத்துக்கு அப்புறம் வரலாம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம். பால் மாடுகளுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர் போன பகுதி. அங்கே ஏறக்குறைய 170 ஏக்கர் நிலம் வைத்திருந்த, விவசாயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வயதான தம்பதி. அவர்களுடைய பக்கத்து நிலத்துக்காரர், சக்கரம் வைத்து இழுத்துப் போகிற ஆயத்த வீடு ஒன்றை ஸ்டீன்பெர்க் ஹோம்ஸ் என்கிற கம்பெனியிடம் வாங்கினார். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாதை ஒன்று இருந்தது. ஆனால் அது பிப்ரவரி மாதம். பாதையில் ஏழடி வரை பனி மூடிக் கிடந்தது, ஒரு கடுமையான வளைவும் இருந்தது. தம்பதியின் வயலைக் குறுக்கே கடந்தால் வேலை சுலபம். கம்பெனி பல முறை அனுமதி கேட்டது. ஒவ்வொரு முறையும் ‘முடியாது’ என்றே பதில் வந்தது.

1994 பிப்ரவரி 15 அன்று காலை வீடு வண்டியோடு வந்து ஊர்ச் சாலையில் நின்றது. தம்பதி, தங்கள் நிலத்தின் வரைபடத்தையும் வானிலிருந்து எடுத்த படத்தையும் எடுத்துக் காட்டி, “இது எங்கள் நிலம், விட மாட்டோம்” என்று மறுபடியும் சொன்னார்கள். “எவ்வளவு பணம் வேண்டும்?” என்று கேட்டார் கம்பெனி ஆள். “இது பணத்து விஷயம் இல்லை” என்று பதில் வந்தது. வெளியே வந்த கம்பெனியின் உதவி மேலாளர், அவர்கள் என்ன சொன்னாலும் சரி, எப்படியாவது வீட்டை உள்ளே கொண்டுபோங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார். அவருடைய ஆட்களில் ஒருவரே பிறகு கோர்ட்டில் இதைச் சாட்சியாகச் சொன்னார். சின்ன இயந்திரம் ஒன்றை வைத்து வயலில் பனியை வெட்டிப் பாதை போட்டு, அதில் வீட்டை இழுத்துப் போனார்கள்.

பனி மூடிய வயலில் பயிர் இல்லை. பனி உருகினால் தடமும் இல்லை. காவல் துறை 30 டாலர் அபராதச் சீட்டு ஒன்றைக் கொடுத்தது. அதோடு முடிந்தது என்றுதான் கம்பெனி நினைத்தது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று தோன்றும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1980-களின் நடுவில், வேறு பக்கத்து நிலத்துக்காரர்கள் தொடுத்த எதிரிடை அனுபவ வழக்கில், பத்தாயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள நிலத்தை இந்தத் தம்பதி இழந்திருந்தார்கள். பிறத்தியாரின் நிலத்தை ரொம்ப வருஷம் தன் நிலம்போல அனுபவித்துவிட்டு, ‘இத்தனை வருஷமா நான்தானே வெச்சிருக்கேன்’ என்று உரிமை கேட்பதைத்தான் எதிரிடை அனுபவம் என்கிறோம். ஒரு தரம் சூடு பட்டவர்கள். தங்கள் நிலத்துக்குள் இன்னொருவர் வருவது என்றாலே அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது.

வழக்குப் போட்டார்கள். பணக் கணக்கில் நஷ்டம் எதுவும் காட்டப்படவில்லை. தீர்ப்புச் சொன்ன ஜூரிகள், நஷ்டஈடாக ஒரு டாலர் கொடுத்தார்கள். ஆம், ஒரே ஒரு டாலர். அதோடு, கம்பெனி நடந்துகொண்ட விதத்துக்குத் தண்டனையாகத் தனியாக ஒரு லட்சம் டாலர். கீழ்க்கோர்ட் நீதிபதி அந்த ஒரு லட்சத்தை ரத்து செய்துவிட்டார். ‘உண்மையான நஷ்டம் இல்லாதபோது தண்டனைத் தொகை கிடையாது’ என்பது அங்கே பழைய விதி. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. 1997-ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இரண்டு தொகையையும் நிலைநிறுத்தியது. அந்தத் தீர்ப்பு சொன்ன காரணம் நமக்கு முக்கியம். இந்த வழக்கில் கெட்டுப்போனது மண் அல்ல, ‘என் நிலத்துக்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று சொல்கிற உரிமை’. அந்த உரிமை மீறப்பட்டதே பாதிப்புதான். அது காகிதத்தில் மட்டும் இருந்து, மீறினால் முப்பது டாலரோடு போய்விடும் என்றால், பணம் உள்ளவன் அதை வண்டி வாடகைபோலக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். சட்டம் கைகொடுக்காது என்று தெரிந்தால், நிலத்துக்காரனும் தன் கையை நம்ப ஆரம்பித்துவிடுவான்.

ஒரு லட்சம் டாலரை மறந்துவிடுங்கள். அதை நம் ஊரில் எதிர்பார்க்க முடியாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். கவனிக்க வேண்டியது அந்த ஒரு டாலரைத்தான். அதற்குச் சட்டத்தில் பெயரளவு நஷ்டஈடு என்று பெயர். உன் உரிமை மீறப்பட்டது உண்மை, எதிராளி செய்தது தப்பு, ஆனால் பணத்தில் நஷ்டம் காட்டப்படவில்லை என்று கோர்ட் பதிவு செய்கிற தொகை அது.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்ததல்ல. 1703-ல் இங்கிலாந்தில் ஒரு செருப்புத் தொழிலாளியை ஓட்டுப் போட விடாமல் தடுத்துவிட்டார்கள். அவர் யாருக்கு ஓட்டுப் போட நினைத்தாரோ அவரே ஜெயித்தும் விட்டார். அப்புறம் என்ன நஷ்டம் என்று கேட்டார்கள். அப்போது தலைமை நீதிபதியாக இருந்த ஹோல்ட், உரிமையைத் தடுத்ததே பாதிப்புதான் என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று நமக்காகவே சொன்னதுபோல இருக்கும்: ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவர் குதிரையில் ஏறிப் போனால், நிலத்துக்கு ஒரு சேதமும் இல்லாவிட்டாலும் நிலத்துக்காரர் வழக்குப் போடலாம், ஏனென்றால் மற்றவருக்கு அங்கே வர உரிமை இல்லை. அன்றைக்குக் குதிரை, இன்றைக்கு டிப்பர்.

நம் நாட்டிலும் சிவில் கோர்ட்டுகள் இந்த விதியைத்தான் பின்பற்றுகின்றன. அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் நுழைவது, நஷ்டத்தை நிரூபிக்காமலேயே வழக்குப் போடக்கூடிய தப்பு.

இப்போது நம் வாசகர் விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு சின்ன சந்தேகம். உண்மையிலேயே நஷ்டம் இல்லையா? பாரம் ஏற்றிய டிப்பர் ஈர வயலில் ஓடினால் அடிமண் இறுகிவிடும். வரப்பு உடைந்திருந்தால் திரும்பக் கட்ட ஆள் கூலி உண்டு. இறுகின இடத்தைப் பிளக்கக் கூடுதலாக ஒரு உழவு ஓட்ட வேண்டியிருந்தால், டிராக்டர் வாடகைக்கு ரசீது வாங்கி வையுங்கள். அது பெயரளவு அல்ல, உண்மையான நஷ்டம். பெயரளவு நஷ்டஈடு என்பது வேறு எதையும் காட்ட முடியாதபோதுதான். அதையே முதலில் பிடித்துக்கொண்டு, கையில் இருக்கிற ரசீதை விட்டுவிடக் கூடாது.

ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எதற்காக வழக்கு? மேற்கு நிலத்துக்காரர் இன்றைக்கு ஒரு தடவை ஓட்டினார். நாளைக்கு அவருடைய டிராக்டர் வரும். வீடு கட்டி முடித்ததும் பைக் வரும். நீங்கள் ‘போனால் போகட்டும்’ என்று விட்டுக்கொண்டே இருந்தால், வெளிப்படையாக, தடையில்லாமல், தன் உரிமை என்று சொல்லிக்கொண்டு 20 வருஷம் நடந்த வழி, நம் நாட்டு ஈஸ்மென்ட் சட்டப்படி அவருக்குப் பாதை உரிமையாகிவிடும். வழியாக இல்லாமல் நிலத்தையே வளைத்துக்கொண்டால், 12 வருஷத்தில் உங்களுடைய வழக்கு காலாவதியாகிவிடும். இன்றைக்கு நஷ்டம் பூஜ்யம்தான். ஆனால் அந்தப் பூஜ்யத்திலிருந்துதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. ‘இவருக்கு இந்த வழியில் உரிமை இல்லை, இன்ன தேதியில் நுழைந்தது அத்துமீறல், நஷ்டஈடு ஒரு ரூபாய்’ என்று ஒரு டிகிரி கையில் இருந்தால், பிற்காலத்தில் ‘காலங்காலமாப் போன வழி’ என்று யாரும் சொல்ல முடியாது. அவரிடமிருந்து பிறகு அந்த நிலத்தை வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். ஒரு ரூபாயின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

வழக்கு போடுகிற விதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரணமாக வக்கீல்கள் ‘இனிமேல் நுழையக் கூடாது’ என்று நிரந்தரத் தடை உத்தரவு, அதாவது நிரந்தர உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டு மனு எழுதுவார்கள். பெரும்பாலும் அது போதும். ஆனால் எதிராளி, ‘கட்டட வேலை முடிந்துவிட்டது, இனி லாரி வராது’ என்று சொன்னால், மறுபடி நுழைவார் என்கிற பயத்துக்குக் காரணம் இல்லை என்று கோர்ட் தடை உத்தரவை மறுக்கலாம். அப்போது நடந்து முடிந்த மீறலைப் பதிவு செய்ய மிச்சம் இருப்பது நஷ்டஈடு மட்டும்தான். அதை மனுவிலேயே கேட்டிருக்க வேண்டும். தடை உத்தரவு வழக்கில் நஷ்டஈடு வேண்டும் என்று மனுவில் கேட்காவிட்டால் கோர்ட் தானாகக் கொடுக்காது. அதைவிட மோசம், அந்த வழக்கு தள்ளுபடியானால் அதே மீறலுக்காகப் பிறகு தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போடவும் முடியாது. குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 40-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஆகவே வக்கீலிடம் ‘தடையும் வேண்டும், பெயரளவு நஷ்டஈடும் வேண்டும், இரண்டையும் ஒரே பிராதில் எழுதுங்கள்’ என்று வாயைத் திறந்து கேளுங்கள். எதிராளி ‘எனக்கு வழி உரிமை உண்டு’ என்றே வாதாடினால், அப்படி உரிமை இல்லை என்று விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எவ்வளவு கேட்பது? சட்டத்தில் பட்டியல் எதுவும் கிடையாது. ஒரு ரூபாய் என்றும் கேட்கலாம், நூறு, ஆயிரம் என்றும் கேட்கலாம். கோபத்தில் ஐந்து லட்சம் என்று போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்கிற தொகைக்கு ஏற்றபடி கோர்ட் கட்டணம் ஏறும். சாட்சிக்கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் ‘ஐந்து லட்சத்துக்குக் கணக்குக் காட்டுங்கள்’ என்பார். கணக்கு இருக்காது. நியாயமாக ஜெயிக்க வேண்டிய வழக்கு பேராசைபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

ஆதாரம் என்று பார்த்தால், நஷ்டத்தை நிரூபிக்க வேண்டாம் என்பதால் ஒன்றுமே நிரூபிக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்தது, அவர் நுழைந்தார், அனுமதி இல்லை. இந்த மூன்றும் நிற்க வேண்டும். முதலாவதற்குப் பட்டா, அடங்கல், புலப்படம். எல்லை எங்கே என்பதில் தகராறு வரும் என்று தோன்றினால், வழக்குக்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிடுங்கள். வயலுக்கு வெளியே அரையடி தள்ளித்தான் டயர் தடம் என்று பின்னால் தெரியவந்தால் எல்லாம் போச்சு. இரண்டாவதற்கு, தடத்தைப் படமெடுங்கள். வெறும் மண்ணை மட்டும் எடுக்காமல் சர்வே கல், போர் ஷெட், மின் கம்பம் என்று இடம் அடையாளம் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். மூன்றாவதற்குத்தான் பலரிடம் ஒன்றும் இருப்பதில்லை. ‘வேண்டாம்னு சொன்னேன்’ என்பது வாய்ச் சொல். ஆகவே பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: இன்ன தேதியில் என் அனுமதியில்லாமல் இன்ன சர்வே எண்ணில் உங்கள் லாரி சென்றது, நான் முன்பே மறுத்திருந்தேன், இனி செல்லக் கூடாது. வக்கீல் நோட்டீஸாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சொந்தக் கையெழுத்தில் போதும். நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நுழைந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் நஷ்டஈட்டு வழக்கைப் போட்டுவிட வேண்டும்.

இதுவரை சொன்னது உங்கள் சொந்த நிலத்தைப் பற்றி. அடுத்தவர் நிலத்தில் உங்களுக்கு இருக்கிற உரிமை, உதாரணமாக அவர் வயல் வழியாக உங்களுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால், இதில் கணக்கு மாறுகிறது. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்திய ஈஸ்மென்ட் சட்டம் 1882-ம் வருஷத்தது. முதலில் அமலுக்கு வந்த இடங்களில் அன்றைய சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 33-வது பிரிவு, இப்படிப்பட்ட பாத்தியதைக்கு இடைஞ்சல் செய்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்கிறது. ஆனால் உடனே ஒரு நிபந்தனை போடுகிறது: இடைஞ்சலால் உண்மையிலேயே கணிசமான பாதிப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். அதாவது சொந்த நிலத்தில் நுழைந்தால் போதும் என்கிற சலுகை இங்கே கிடையாது. தடை உத்தரவு கேட்டாலும் இதே அளவுகோல்தான்.

இப்போது கோடையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மே மாதம், வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேல் வயல்காரர் ஜேசிபி வைத்து வாய்க்காலைத் தூர்த்து வயலோடு சமன் செய்துவிடுகிறார். நீங்கள் போய்க் கேட்டால், “இப்பத் தண்ணியே வரலையே, உங்களுக்கு என்ன பாதிப்பு?” என்பார். உங்களுக்கும் அது சரிபோலத் தோன்றும். ‘தண்ணீர் விடட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று திரும்பி வந்துவிடுவீர்கள்.

வரக் கூடாது. அந்தப் பிரிவுக்குக் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது. பாத்தியதைக்கான அத்தாட்சியைக் கெடுத்து உங்களுக்குத் தீங்கு செய்யக்கூடிய எந்தச் செயலும் கணிசமான பாதிப்பாகவே கருதப்படும். உங்கள் நிலத்தின் மதிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதும் அப்படியே. வாய்க்கால்தான் உங்கள் உரிமைக்குச் சாட்சி. இரண்டு கரையும், மதகும், வளைவும் கண்ணுக்குத் தெரிகிறவரை யாரும் ‘இங்கே வாய்க்கால் இருந்ததே இல்லை’ என்று சொல்ல முடியாது. அதைச் சமன் செய்வது சாட்சியை அழிப்பது. ஒரு பயிர் கருகாவிட்டாலும், ஒரு மூட்டை விளைச்சல் குறையாவிட்டாலும் வழக்கு நிற்கும். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் சட்டம் எழுதியவர்களுக்கு ஜேசிபி தெரியாது. ஆனால் தூர்க்கிறவர்களின் மனசு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதில் நேரம் முக்கியம். நீண்ட கால அனுபவத்தால் வந்த வாய்க்கால் உரிமை என்றால், 20 வருஷம் தொடர்ந்து அனுபவித்ததைக் காட்ட வேண்டும். அந்த 20 வருஷமும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். நடுவில் ஒருவர் அடைத்து, அது உங்களுக்குத் தெரிந்தும் ஒரு வருஷம் சும்மா இருந்தால், அனுபவம் அறுந்துவிட்டதாகக் கணக்கு. ஆகவே தூர்த்தது தெரிந்த வாரமே எழுத்து மூலம் ஆட்சேபணை, அதே கோடையிலேயே வழக்கு. போட்டவுடன் அட்வகேட் கமிஷனர் ஒருவரை நியமித்து இடத்தைப் பார்வையிடக் கேட்டு மனுக் கொடுங்கள். புது மண் நிறமும், மேலும் கீழும் மிச்சமிருக்கிற பழைய வாய்க்காலும் அவர் அறிக்கையில் ஏறிவிடும். இரண்டு மழை பெய்து, புல் முளைத்த பிறகு வந்தால் அவரால் என்ன எழுத முடியும்? அரசுப் புறம்போக்கு வாய்க்கால் என்றால் இந்த வழி அல்ல. தாசில்தாரிடமோ நீர்வளத் துறையிடமோ ஆக்கிரமிப்புப் புகாராகக் கொடுக்க வேண்டும்.

பெயரளவு நஷ்டஈட்டுக்கு எல்லையும் உண்டு. பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி காற்றில் உங்கள் பக்கம் வந்தது, ஆனால் பயிர் ஒன்றும் ஆகவில்லை என்றால், அஜாக்கிரதை என்று வழக்குப் போட முடியாது. அஜாக்கிரதை வழக்கில் சேதம்தான் அடிப்படை, சேதம் இல்லை என்றால் வழக்கே இல்லை. அதேபோல நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால், லாரி ஓட்டியதற்கு வழக்குப் போட வேண்டியவர் அனுபவத்தில் இருக்கிற குத்தகைதாரர். நிலத்துக்கு நிலையான கெடுதல் ஏற்பட்டால்தான் உரிமையாளர் தன் பேரில் போக முடியும். குத்தகை விவசாயிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ‘நிலம் என் பேர்ல இல்லையே’ என்று ஒதுங்க வேண்டியதில்லை.

செலவு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜெயித்தவருக்குச் செலவுத்தொகை கொடுக்கச் சொல்வது வழக்கம்தான், ஆனால் அது நீதிபதியின் விருப்புரிமை. ஒரு ரூபாய் டிகிரியில் ‘அவரவர் செலவு அவரவருக்கு’ என்று முடிப்பதும் உண்டு. கொடுத்தாலும் வக்கீலுக்கு நீங்கள் கொடுத்தது முழுசாகத் திரும்ப வராது. தண்டனைத் தொகை என்று பெரிதாக எதுவும் வராது என்று முன்பே சொன்னேன். நம் நாட்டில் அது அரிது. அரசு அதிகாரிகள் அதிகாரத்தைக் கொடுமையாகப் பயன்படுத்தியபோதுதான் பெரும்பாலும் பேசப்படுகிறது. ஜம்மு காஷ்மீர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த பீம் சிங்கைச் சபைக்குப் போக விடாமல் கைது செய்து வைத்ததற்காக, 1985-ல் உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது அப்படிப்பட்ட ஒன்று. அங்கேயும் ‘எவ்வளவு நஷ்டம்’ என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை.

அதனால் எல்லா டயர் தடத்துக்கும் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன். என் கணக்கு இதுதான். ஒரு தடவை, தவிர்க்க முடியாத அவசரம், வந்து வருத்தம் சொல்கிறார் என்றால் விட்டுவிடலாம். ஆனால் ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகு, ஆள் இல்லாத நேரம் பார்த்து ஓட்டினார் என்றால், அவர் வழியை அல்ல, உங்களைச் சோதித்துப் பார்க்கிறார். முதலில் பதிவுத் தபால். மறுபடி நடந்தால் வழக்கு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. பட்டாவில் அம்மா பேரோ, மனைவி பேரோ இருந்தால் அவர்கள் பேரிலேயே விண்ணப்பம் போகும்.

அக்கம்பக்கத்தில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் நாம். கேட்கிறவருக்கு வழி விடவே கூடாது என்று சொல்லவில்லை. விட்டாலும் எழுதிக்கொண்டு விடுங்கள். அனுமதியோடு நடந்த வழி எத்தனை வருஷம் ஆனாலும் பாதை உரிமை ஆகாது. அனுமதி இருந்தது என்பதற்குத்தான் அத்தாட்சி வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் இந்த அளவு போதும்:

‘இன்ன கிராமம், இன்ன சர்வே எண் நிலத்தின் வழியாக, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, கட்டடச் சாமான் ஏற்றிய வண்டி செல்ல நில உரிமையாளர் எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். இது அவருடைய அனுமதியின் பேரில் மட்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். இந்த நிலத்தில் எனக்கு எந்தப் பாதை உரிமையும் இல்லை. வரப்பு, வாய்க்கால் சேதமானால் சரிசெய்து தருகிறேன்.’

வழி கேட்டவர் கையெழுத்து, இரண்டு சாட்சி, தேதி. தாள் உங்களிடம் இருக்க வேண்டும், அவரிடம் அல்ல. கையெழுத்துப் போட அவர் தயங்கினால், வழி விடுவதைப் பற்றி நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள்.